ஆட்சேர்ப்பு முகவரி மாறியபின் விண்ணப்பத்தை மீண்டும் அனுப்பும் முறை

நாகர்கோவிலில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூன் 15 என்று வைத்துக்கொள்வோம். தக்கலையைச் சேர்ந்த பட்டதாரி ஒருவர் ஜூன் 9 அன்றே மின்னஞ்சலில் விண்ணப்பித்துவிட்டார். ஜூன் 18 அன்று அந்நிறுவனம், ஆட்சேர்ப்பு மடல்களை இனி வேறு முகவரிக்கு அனுப்பும்படி அறிவிக்கிறது. அவர் இன்று அனுப்பும் மடல் கடைசி நாளுக்குப் பின் வந்ததாகவே தோன்றும் என்பதால், பழைய தேதியைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

முதலில், அந்த அறிவிப்பு நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த முகவரியை மட்டும் நம்பி, ஆதார் நகல் உள்ள விண்ணப்பத்தை அனுப்ப வேண்டாம். ஐயம் இருந்தால் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டுவிடலாம்.

அடுத்து, `Sent` பகுதியில் பழைய மடலைத் திறந்து, தேதியை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பக் கடிதத்தில் தட்டச்சு செய்த தேதியும் அனுப்பிய தேதியும் வேறாக இருக்கக்கூடும்; அனுப்பிய தேதியே கணக்கு. அந்த மடலை, தேதியும் பெறுநர் முகவரியும் தெரியும்படி, பிடிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள்.

பழைய மடலை அப்படியே முன்னனுப்பினால் பொருள் வரியில் `Fwd:` என்று விழும். வேறு யாருக்கோ சென்ற மடல் போலத் தோன்றும். ஆகவே புதிய மடலாக எழுதுவதே நல்லது:

பொருள்: கணக்கு உதவியாளர் பணிக்கான விண்ணப்பம் (ஜூன் 9 அன்று அனுப்பியது, மீண்டும்)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,
கணக்கு உதவியாளர் பணிக்கான எனது விண்ணப்பத்தை ஜூன் 9 அன்று தங்களது முந்தைய ஆட்சேர்ப்பு முகவரிக்கு அனுப்பியிருந்தேன். முகவரி மாறியுள்ளதைத் தங்கள் இணையதளத்தில் கண்டதால், அதே விண்ணப்பத்தை மீண்டும் அனுப்புகிறேன். முந்தைய மடலின் நகலையும் இணைத்துள்ளேன். அம்மடல் ஏற்கெனவே கிடைத்திருப்பின், இதனை அதன் நகலாகக் கொள்ள வேண்டுகிறேன்.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்: ஒரே பெயரில் இரண்டு விண்ணப்பங்கள் பதிவாகிக் குழப்பம் வராமல் அது தடுக்கும். “பதிலே வரவில்லை” என்றோ, “அறிவிப்பு தாமதமாக வந்தது” என்றோ எழுத வேண்டியதில்லை; தேதியைச் சொன்னாலே படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

“அதே விண்ணப்பம்” என்று எழுதியபின் தன்விவரக் குறிப்பைத் திருத்தக் கூடாது. இடையில் கைப்பேசி எண் மாறியிருந்தால், அந்த ஒரு மாற்றத்தை மடலிலேயே ஒரு வரியில் தெரிவியுங்கள். கோப்புகளையும் புதிதாக இணைக்க வேண்டும். புதிய மடலில் பழைய இணைப்புகள் தாமாக வந்துவிடா.

பழைய முகவரியிலிருந்து மடல் சேரவில்லை என்ற தானியங்கி அறிவிப்பு வந்திருந்தால், “அனுப்பியிருந்தேன்” என்பதை அடுத்து “எனினும் அது சென்றடையவில்லை” என்று சேர்த்து, அந்த அறிவிப்பையும் இணைத்து அனுப்புங்கள்.