நீளமான மின்னூட்டக் கம்பியும் காஸ் விதியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்னூட்டம் சீராகப் பரவிய நீளமான கம்பிக்கு E = λ/(2πε₀r) என்பது பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். விடைத்தாளில் சூத்திரம் சரியாகவே வந்துவிடும். தவறு நடப்பது அதற்கு முந்தைய நாலைந்து வரிகளில். அந்த வரிகள் புரியாமல் போனால், கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டதும் கை நின்றுவிடும். அதனால் ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்கலாம்.

கம்பியின் நீளம் 4 மீட்டர். அதில் மொத்தம் 20 நானோகூலூம் மின்னூட்டம் சீராகப் பரவியிருக்கிறது. ஆக λ, மீட்டருக்கு 5 நானோகூலூம். கம்பியின் நடுப்பகுதியிலிருந்து செங்குத்தாக 10 செ.மீ. தள்ளியிருக்கும் ஒரு புள்ளியில் மின்புலம் வேண்டும். கம்பியை அச்சாக வைத்து, 10 செ.மீ. ஆரமும் 20 செ.மீ. நீளமும் உள்ள ஓர் உருளையைக் கற்பனை செய்கிறோம். இதுதான் நம் காஸியன் பரப்பு.

முதல் சறுக்கல் இங்கேயே வரும். கேள்வியில் 20 நானோகூலூம் என்று கொடுத்திருப்பதால் அதையே Q என்று போட்டுவிடுகிறார்கள். காஸ் விதியில் வரும் Q பரப்புக்குள் அடைபட்ட மின்னூட்டம் மட்டும்தான். உருளைக்குள் இருப்பது 20 செ.மீ. கம்பி, அதாவது 1 நானோகூலூம். அதை ε₀-ஆல் வகுத்தால் மின்பாயம் சுமார் 113. வளைபரப்பின் பரப்பளவு 2π × 0.1 × 0.2 = 0.1257 சதுர மீட்டர். வகுத்தால் மின்புலம் ஏறக்குறைய 900 நியூட்டன்/கூலூம். மொத்த மின்னூட்டத்தைப் போட்டிருந்தால் இருபது மடங்கு, 18,000 என்று வந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உருளையின் நீளத்தை இரட்டிப்பாக்கிக் கணக்கை மறுபடி போடுங்கள். உருளை நாமாக வரைந்தது, இயற்கைக்கு அது தெரியாது. எனவே விடை மாறக் கூடாது. மாறினால் Q-வில் பிழை இருக்கிறது.

அடுத்தது உருளையின் இரண்டு வட்ட முகங்கள். 'அங்கே மின்புலம் சுழி, ஆகவே மின்பாயமும் சுழி' என்று எழுதுபவர்கள் ஏராளம். விடை பாதிக்கப்படாது என்பதாலேயே இந்தத் தவறு பல வருடம் கூடவே வரும். உண்மையில் அந்த முகத்தில் மின்புலம் நன்றாகவே இருக்கிறது. கம்பிக்கு 1 செ.மீ. பக்கத்தில் 9,000, வளைபரப்பில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு! ஆனால் அதன் திசை முகத்தின் மேலேயே படிந்து, கம்பியிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது. முகத்தின் செங்குத்தோ கம்பிக்கு இணையாக இருக்கிறது. இரண்டுக்கும் இடையே 90 பாகை, அதனால்தான் மின்பாயம் சுழி.

சரி, இப்போது இதைவிட ஆழமான ஒரு குழப்பம். Q-வில் உள்ளே இருக்கும் மின்னூட்டம் மட்டும் வருவதைப் பார்த்து, 'வெளியே இருக்கும் கம்பிக்கு இந்த மின்புலத்தில் பங்கே இல்லை' என்று நினைத்துவிடுகிறார்கள். சோதித்துப் பார்ப்போம். உருளைக்குள் இருக்கும் 20 செ.மீ. துண்டை மட்டும் வைத்துக்கொண்டு, மீதிக் கம்பியை எடுத்துவிட்டதாகக் கொள்ளுங்கள். கூலூம் விதிப்படி தொகையிட்டால் நம் புள்ளியில் கிடைப்பது 636தான். மீதி 264 வெளியே இருக்கும் கம்பியிடமிருந்து வருகிறது.

அப்படியானால் காஸ் விதி எப்படிப் பொருந்துகிறது? தனித் துண்டின் மின்புலக் கோடுகளில் ஒரு பகுதி வட்ட முகங்கள் வழியாக வெளியேறிவிடும். வெளிக் கம்பியின் கோடுகள் அதே முகங்கள் வழியாக உள்ளே நுழைந்து, வளைபரப்பு வழியாக வெளியே போகும். நுழைந்த அளவே வெளியேறுவதால் மொத்த மின்பாயத்தில் வெளிக் கம்பியின் பங்கு சுழி. ஆனால் முகங்களில் இருந்த மின்பாயத்தை ரத்து செய்து, வளைபரப்பில் மின்புலத்தை ஒரே அளவாக 900க்கு உயர்த்துவது அந்த வெளிக் கம்பிதான். ஆகவே பரப்பின் மேல் நாம் எழுதும் E, எல்லா மின்னூட்டங்களும் சேர்ந்து உண்டாக்கிய மின்புலம்.

உருளைக்குப் பதில் கோளத்தை எடுத்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதும் நல்லது, ஏனென்றால் அதில் ஒரு பொறி இருக்கிறது. கம்பியின் மேல் மையம் வைத்து R ஆரமுள்ள கோளம் வரைந்தால், உள்ளே 2R நீளக் கம்பி இருக்கும். E × 4πR² = 2Rλ/ε₀ என்று எழுதினால் E = λ/(2πε₀R). அப்படியே சரியான சூத்திரம்! ஆனால் வழி தவறு. கோளத்தின் மேல் மின்புலம் ஒரே அளவாக இல்லை. மையத்திலிருந்து கம்பியோடு 30 பாகை சாய்ந்த திசையில் உள்ள புள்ளிக்குக் கம்பியிலிருந்து செங்குத்துத் தூரம் R/2. ஆகவே அங்கே மின்புலம் இரண்டு மடங்கு. திசையும் ஆரத்தின் வழியே இல்லை. மின்புலம் கூடும் அதே விகிதத்தில் அதன் செங்குத்துக் கூறு குறைவதால், அந்தக் கூறு மட்டும் கோளம் முழுவதும் மாறாமல் நிற்கிறது. விடை பொருந்தியது அந்தத் தற்செயலால்.

அதே துணிச்சலோடு 20 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் ஆறு முகங்களுக்கும் ஒரே E என்று போட்டால் கிடைப்பது 471. இத்தனைக்கும் கனசதுரத்துக்கும் மின்பாயம் அதே 113தான், விதி அங்கேயும் உண்மைதான். ஆனால் மின்பாயம் தெரிந்துவிட்டால் மின்புலமும் தெரிந்துவிடாது. E-ஐத் தொகைக்கு வெளியே எடுக்க, அது பரப்பின் மேல் ஒரே அளவாகவும் எங்கும் செங்குத்தாகவும் இருக்கிறது என்று சமச்சீர்மை முதலில் சொல்ல வேண்டும். விடைத்தாளில் பலர் விட்டுவிடும் வரி இதுதான்: கம்பியை அச்சில் சுழற்றினாலும் அச்சின் வழியே நகர்த்தினாலும் நிலைமை மாறாது, எனவே E-யின் அளவு r-ஐ மட்டும் சார்ந்தது; எந்தப் புள்ளிக்கும் இரு பக்கமும் கம்பி சமமாக இருப்பதால் கம்பியின் திசையில் கூறு இல்லை.

அந்த வாதம் கம்பி முடிவிலா நீளம் என்றால்தான் முழுமையாகச் செல்லும். நம் கம்பி 4 மீட்டர்தானே? நடுப்பகுதியில் 10 செ.மீ. தூரத்தில் உண்மையான மதிப்பு 899, சூத்திரம் 900. கவலையில்லை. 2 மீட்டர் தள்ளிப் போனால் சூத்திரம் 45 என்கிறது, உண்மையில் 31.8. 20 மீட்டரில் சூத்திரம் 4.5 தரும், உண்மை 0.45, அங்கே கம்பி ஒரு புள்ளி மின்னூட்டம்போலத்தான் நடந்துகொள்கிறது. ஆக நீளம் என்பது மீட்டர் கணக்கல்ல, r-உடன் ஒப்பிட்டுச் சொல்வது.

தூரம் குறைவாக இருந்தாலும் போதாது, நுனியிலிருந்தும் விலகியிருக்க வேண்டும். நம் கம்பியின் ஒரு நுனிக்கு நேராக 10 செ.மீ. தள்ளி அளந்தால், செங்குத்துக் கூறு சுமார் 450, சூத்திரம் சொல்வதில் பாதி. அதோடு கம்பியின் திசையிலேயே 439 அளவுக்கு ஒரு கூறு வெளிநோக்கி இருக்கிறது, மின்புலம் ஏறக்குறைய 44 பாகை சாய்ந்துவிடுகிறது. நுனியைச் சுற்றி உருளை வரைந்தாலும் மின்பாயத்துக்கான Q/ε₀ சரியாகவே வரும். ஆனால் வட்ட முகங்களில் மின்பாயம் சுழி இல்லை, வளைபரப்பில் E மாறிலியும் இல்லை. அங்கே காஸ் விதியை விட்டுவிட்டு, கம்பியைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கூலூம் விதியால் தொகையிடுவதுதான் வழி.