சேமிப்புக் கணக்கைப் புது ஊர் கிளைக்கு மாற்றக் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தக் கடிதங்களில் அடிக்கடி வரும் தவறு, ‘புது ஊரில் உள்ள உங்கள் கிளைக்கு மாற்றித் தரவும்’ என்று எழுதுவது. ஒரே ஊரில் அந்த வங்கிக்குப் பத்துக் கிளை இருக்கலாம். எந்தக் கிளை என்று ஊழியர் ஊகிக்க மாட்டார், கடிதம் மேசையிலேயே கிடக்கும். கிளையின் பெயரோடு அதன் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் எழுதுங்கள். அதில் 11 எழுத்துகள் இருக்கும். முதல் நான்கு வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது பூஜ்யம், கடைசி ஆறு கிளைக்கு உரியவை. பூஜ்யத்தை ‘ஓ’ என்று எழுதிவிடாதீர்கள்.

இடமாற்றத்துக்கான காரணத்தை ஒரு பக்கம் விவரிக்க வேண்டியதில்லை. இப்போது கணக்கு இருக்கும் கிளையின் மேலாளருக்கு இவ்வளவு போதும்:

“என் சேமிப்புக் கணக்கு எண் ______. பணி மாற்றத்தால் இடம்பெயர்ந்துள்ளேன். இக்கணக்கை ______ கிளைக்கு (ஐஎஃப்எஸ்சி: ______) மாற்றவும், என் முகவரியைக் கீழ்க்கண்டவாறு திருத்தவும் வேண்டுகிறேன். புதிய முகவரி: ______. கைபேசி எண்: ______.”

இதில் முகவரி வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கிளை மாறினால் முகவரி தானாக மாறாது. அது தனிக் கோரிக்கை, அதற்குச் சான்றும் தனி. விட்டால் அடுத்த காசோலைப் புத்தகம் பழைய வீட்டுக்குத்தான் போகும். புது முகவரியில் ஆதார் இன்னும் மாறவில்லையா? அப்படியானால் என்ன சான்று ஏற்பார்கள் என்று முதலில் கிளையில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அப்புறம் கையெழுத்து. கணக்கு தொடங்கியபோது போட்டது வேறு, இப்போது போடுவது வேறு என்றால் கடிதம் திரும்பி வரும். கூட்டுக் கணக்கென்றால் ஒருவர் கையெழுத்து போதும் என்று நினைக்காமல் எல்லோரும் போட்டுவிடுவது நல்லது.

சேமிப்புக் கணக்கு மாறினால் அதே கிளையில் உள்ள வைப்புத்தொகை, கடன், லாக்கர் எல்லாம் பின்னாலேயே வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். வைப்புத்தொகையும் மாற வேண்டுமென்றால் அதன் எண்ணைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். லாக்கர் அந்தக் கிளையின் சுவரில் இருப்பது. அதை அங்கே ஒப்படைத்துவிட்டு, புது இடத்தில் புதிதாகத்தான் கேட்க வேண்டும்.

மாற்றம் முடிந்தபின் கணக்கு எண் பெரும்பாலும் அதேதான். ஐஎஃப்எஸ்சி மட்டும் மாறும். எண் மாறவில்லையே என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். சம்பளம் போடும் அலுவலகத்துக்குப் புதுக் குறியீட்டைக் கொடுங்கள். பழைய காசோலைகளில் பழைய கிளையின் குறியீடுதான் அச்சாகியிருக்கும். யாருக்காவது பின்னால் வரும் தேதியிட்டுக் கொடுத்திருந்தால், அவை செல்லுமா என்று கடிதம் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். புதுக் கிளையில் ‘இன்னும் வரவில்லை’ என்று சொன்னால் காட்ட வேறு ஒன்றும் இருக்காது.