தவளைக் கதையில் இறந்தகாலம் சொதப்பியது

பிரெஞ்சு வகுப்புக்கு ஒரு குட்டி விலங்குக் கதை எழுதச் சொன்னார்கள். நத்தையைத் தினமும் கிண்டல் செய்யும் தவளை, ஒருநாள் வேகம் காட்டக் குதித்துக் காலி வாளிக்குள் விழுகிறது, நத்தை ஊர்ந்தே தோட்டத்துக்குப் போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான். எட்டு வரி. எல்லாவற்றையும் பாஸே கோம்போஸேயில், அதாவது நடந்து முடிந்த நிகழ்வைச் சொல்லும் இறந்தகாலத்தில், எழுதிவைத்தேன். படித்துப் பார்த்தால், தவளை வாழ்நாளில் ஒரே ஒருமுறை கிண்டல் செய்தது போல இருந்தது.

அப்புறம் ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: இதனால் கதை நகர்கிறதா? குளத்தருகே வாழ்ந்தது, தினமும் சிரித்தது, மழை பெய்துகொண்டிருந்தது, இவை நகர்த்தவில்லை, வெறும் பின்னணி. அதனால் இவற்றுக்கு, வழக்கமாகவோ தொடர்ந்தோ நடந்ததைச் சொல்லும் இறந்தகாலமான இம்பார்ஃபே: வாழ்ந்தது 'அபிதே', மழை பெய்துகொண்டிருந்தது 'இல் ப்ளவே'. குதித்தது, விழுந்தது, போய்ச் சேர்ந்தது மட்டும் பாஸே கோம்போஸே. 'அன் ஜூர்', அதாவது 'ஒருநாள்', வரும் இடத்தில்தான் காலம் மாறுகிறது.

இன்னொரு ஓட்டை 'விழுந்தது'. பாஸே கோம்போஸேயில் அதற்குத் துணைவினை, பெரும்பாலான வினைகளுக்கு வரும் அவுவார் இல்லை, எத்ர். 'லா க்ரெனூய் எ தோம்பே'. தவளை பிரெஞ்சில் பெண்பால் என்பதால் 'தோம்பே'யின் கடைசியில் ஓர் எழுத்து கூடும், நத்தை ஆண்பால் என்பதால் அது போய்ச் சேர்ந்ததைச் சொல்லும் 'ஆரிவே'க்குக் கூடாது. காதுக்கு இந்த வித்தியாசம் கேட்கவே கேட்காது, அதனால் சத்தமாகப் படித்துச் சரிபார்க்கிற என் பழக்கம் இங்கே உதவவில்லை, பேனாவால் பெண்பால் எழுவாய்களுக்கு அடிக்கோடு போட்டுத்தான் பிடித்தேன்.

நீதியையும் இறந்தகாலத்தில் எழுதியிருந்தேன். அது எப்போதும் பொருந்துவது இல்லையா, நிகழ்காலத்துக்கு மாற்றிவிட்டேன்.