மூடியைச் சாய்த்தால் மட்டும் மினுங்கிய லேப்டாப்

"ஸ்கிரீன் சில நேரம் மினுங்குது" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், கடையில் அது சமர்த்தாக ஓடும். "ஒன்றும் இல்லையே" என்று திருப்பித் தந்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் நேரத்தையும், அப்போது என்ன செய்தேன் என்பதையும் போனில் குறித்துவந்தேன். மூடியை அசைக்கும்போதுதான் வருகிறது என்பது அதில் பிடிபட்டது.

டெக்னீஷியனிடம் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, மூடியைப் பாதிக்கு மேல சாய்ச்சா கோடு கோடா வருது, தினமும் நாலஞ்சு தடவை. சூடானாலும் ஆறினாலும் ஒண்ணுதான். டிவியில மாட்டினா படம் சுத்தமா இருக்கு. போன மாசம் கீல் மாத்தின பிறகுதான் இது."

டிவியில் சரியாக வருவதால் கிராபிக்ஸ் சிப்பை முதலில் சந்தேகிக்க வேண்டாம் என்றார். நேராகக் கீலைக் கழற்றினார். இடுக்கில் டிஸ்ப்ளே கேபிள் நசுங்கி, உறை உரிந்து கிடந்தது. கேபிளை மாற்றியதும் கோடு நின்றது.