087 அழைப்புகளை மொத்தமாகத் தடுப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் கடன் வேண்டுமா, இறுதிச்சடங்குக் காப்பீடு வேண்டுமா என்று வரும் அழைப்புகளில் பல 087 எண்களில் இருந்துதான் வருகின்றன. இது டர்பனுக்கு 031 இருப்பது போன்ற ஊர்க்குறியீடு அல்ல, இணையவழித் தொலைபேசிக்கான எண். அழைப்பு மையங்கள் இப்படிப் பல எண்களை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கூப்பிடும். சாட்ஸ்வொர்த்தில் என் அத்தை காலையில் ஒன்றைத் தடுப்பார். மதியமே கடைசி எண்கள் மட்டும் மாறி இன்னொன்று வரும்.

அதனால் எண்ணை விட்டுவிட்டுத் தொடக்கத்தைத் தடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் ட்ரூகாலர் செயலியின் தடுப்புப் பகுதியில், குறிப்பிட்ட இலக்கங்களில் தொடங்கும் எண்களைத் தடுக்கும் வசதி உண்டு. அங்கே 087 என்று ஒருமுறை, +2787 என்று இன்னொரு முறை சேருங்கள். ஒரே எண் இரண்டு வடிவிலும் வரலாம்.

ஆனால் வங்கியும் கூரியர்காரரும்கூட 087 எண்ணில் அழைப்பதுண்டு. முதல் சில நாட்கள் தடுக்கப்பட்ட அழைப்புகளின் பட்டியலை மாலையில் ஒருமுறை பாருங்கள். பார்சலுக்குக் காத்திருக்கிறீர்களா? அதுவரை தடையை எடுத்துவிடுங்கள். 031 போன்ற உங்கள் ஊர்க்குறியீட்டை மட்டும் தொடவேண்டாம், மருத்துவமனையும் பள்ளியும் அதிலிருந்து அழைக்கலாம்.

சாதாரணக் கைபேசி எண்களில் வரும் தொல்லைக்கு இது உதவாது. கூகுள் போன் செயலி இருந்தால், அமைப்புகளில் Filter spam calls என்பதை இயக்குங்கள்; சந்தேகத்துக்குரிய அழைப்பு மணியடிக்காமலே போய்விடும்.