நண்பனின் அப்பா நினைவுநாளுக்கு எழுதும் நான்கு வரிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிப் பக்கத்தில் துட்டி கேட்க, அதாவது சாவு வீட்டில் துக்கம் விசாரிக்கப் போகிறவர் பேசவேண்டிய சொற்கள் மிகக் குறைவு. வாசலில் நிற்கிறவரின் கையைத் தொட்டுவிட்டு, போட்டிருக்கிற பெஞ்சில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்து, "போயிட்டு வாரேன்" என்று சொல்லாமல் எழுந்து வந்துவிடலாம். வந்து போனதே போதும், சொல் தேவையில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்து, நண்பனின் அப்பா மறைந்த அதே நாளில், அவனுக்கு நான்கு வரி எழுதவேண்டி வரும்போது நமக்குக் கைகொடுக்க அப்படி ஒரு வழக்கம் இல்லை. ஆகவே துட்டி வீட்டுக்கு உரிய சொற்களையே கடன் வாங்கி எழுதிவிடுகிறோம். நான் பார்த்த தவறுகளில் பாதிக்குமேல் இந்தக் கடனிலிருந்து வருபவை.

நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். என் பள்ளித் தோழனின் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். தாமிரபரணியிலிருந்து பிரியும் பாளையங்கால்வாயில், எங்கள் ஊருக்கு மேலே இருந்த மடையின் ஷட்டரை ஏற்றி இறக்குவது அவர் வேலை. தெருப் பிள்ளைகள் அனைவருக்கும் அவர் லஸ்கர் மாமா. அவர் மறைந்த பிறகு வந்த முதல் மூன்று நினைவுநாட்களிலும் நான் அவனுக்கு அனுப்பியது ஒரே வாசகம்: "ஆழ்ந்த இரங்கல். தந்தையாரின் ஆன்மா சாந்தியடைய இறைவனை வேண்டுகிறேன்." அவனும் ஒவ்வொரு முறையும் "நன்றி" என்ற ஒரு சொல்லை அனுப்பினான். அதற்கு மேல் அவன் சொல்ல அதில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

இரங்கல் என்பது இழப்பு நேர்ந்த வேளைக்கு உரியது. செய்தி அப்போதுதான் எட்டியது, மனம் அதிர்ந்தது என்பதை அந்தச் சொல் தன்னுள் வைத்திருக்கிறது. மூன்றாம் ஆண்டில் அதை எழுதினால், மூன்று ஆண்டுகளாக அந்த இழப்போடு குடியிருக்கிறவனை மறுபடியும் பாடையின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். "ஆன்மா சாந்தியடையட்டும்" என்பதும் அப்படித்தான். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முன் அது பொருந்தும், ஆண்டுகள் கடந்தபின் எழுதினால் அந்த ஆன்மா இன்னும் அமைதியின்றித் திரிகிறதோ என்ற குறிப்புத் தொனித்துவிடும். நினைவுநாளுக்கு வேண்டியது, இறந்தார் என்ற செய்தி அல்ல, இருந்தார் என்ற செய்தி.

சமயம் சார்ந்த வாசகங்களில் இன்னும் கவனம் வேண்டும். பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் வளர்ந்தவர்களுக்குப் பல சமயத்து நண்பர்கள் இருப்பது இயல்பு. கிறிஸ்தவ வீட்டில் கர்த்தருக்குள் இளைப்பாறுகிறார் என்பார்கள். இஸ்லாமியக் குடும்பங்களில் ஆண்டு நினைவை அனுசரிப்பவர்களும் உண்டு, அதை ஏற்காதவர்களும் உண்டு. நமக்குப் பழக்கமில்லாத வாசகத்தை இரவல் வாங்கி எழுதுவதைவிட, சமயச் சொல்லே இல்லாமல் அந்த மனிதரைப் பற்றி மட்டும் எழுதுவது பாதுகாப்பானது.

அடுத்து, நாள். இதில் நல்ல மனம் உள்ளவர்களே தவறுகிறார்கள். கிறிஸ்தவ நண்பரின் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலத் தேதியே நினைவுநாள். இந்துக் குடும்பங்களில் பலருக்கு, இறந்த தமிழ் மாதத்தில் அதே பிறையில் வரும் அதே திதிதான் நாள்; அது ஆண்டுதோறும் நகரும். ஒருவர் ஆகஸ்ட் 25ஆம் தேதி, ஆவணி மாதத்தில் காலமானார் என்று வைத்துக்கொள்வோம். சந்திரக் கணக்கில் பன்னிரண்டு மாதம் என்பது சுமார் 354 நாள் என்பதால், மறு ஆண்டு அதே திதி பதினொரு நாள் முந்தி, ஆகஸ்ட் 14 வாக்கில் வரும். அப்போது இன்னும் ஆடி முடிந்திருக்காது. ஆவணிக்குள் அதே திதி மறுபடி வரும் செப்டம்பர் 12 வாக்கிலேயே அந்த வீட்டில் திவசம் கொடுப்பார்கள். நாம் நாட்காட்டியில் குறித்துவைத்த ஆகஸ்ட் 25இல் "இன்று திதி கொடுத்திருப்பாய்" என்று எழுதினால், இன்னும் பதினெட்டு நாள் இருப்பதை அவன் நமக்கு விளக்கவேண்டி வரும். ஆங்கிலத் தேதியில் எழுதுவது தவறல்ல. பல வீடுகளில் இரண்டு நாட்களும் மனதில் இருக்கும். சடங்கு நடந்ததாக நாமே எழுதிக்கொள்வதுதான் தவறு.

இப்போது உள்ளடக்கத்துக்கு வருகிறேன். ஐந்தாம் ஆண்டில் ஒழுங்காக எழுதவேண்டும் என்று உட்கார்ந்தபோது எனக்கு முதலில் வந்தது இது: "மாமா போன்ற எளிமையான, கடமை தவறாத, அன்பான மனிதரை இனிப் பார்க்க முடியாது." வாசித்துப் பார்த்தேன். இதில் மாமா என்ற சொல்லை எடுத்துவிட்டு எந்த ஊரின் எந்த மனிதரின் பெயரைப் போட்டாலும் வாக்கியம் அப்படியே நிற்கும். நாம் எழுதியது பொதுவாகிவிட்டதா என்பதைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது. பண்பைச் சொல்லும் அடைமொழிகள் அனைத்தையும் அடித்துவிட்டு, அந்தப் பண்பை எந்தச் செயலில் கண்டோம் என்று கேட்டுக்கொள்ளவேண்டும். கடமை தவறாதவர் என்று நான் எதைப் பார்த்துச் சொன்னேன்?

பார்த்தது ஒன்று இருந்தது. கார் பருவத்துக்குத் தண்ணீர் வரும் ஜூன் மாதத்து விடுமுறை நாட்களில் நாங்கள் மடைக்குக் கீழே குளித்துக்கொண்டிருப்போம். ஷட்டரைத் தூக்கினால் அந்த இடத்தில் தண்ணீர் இழுக்கும். அவர் சைக்கிளை நிறுத்தி, மணியை மூன்று முறை அடிப்பார். நாங்கள் கரையேறியதும் உதட்டை அசைத்துத் தலைகளை எண்ணுவார். எண்ணிக்கை சரியாக வந்தபிறகே ஷட்டரின் சக்கரத்தில் கைவைப்பார். ஒருநாள் ஒருவன் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட, கணக்கு இடித்ததால், அவனைத் தேடி ஆள் அனுப்பி, வந்து நின்றபின்தான் தண்ணீர் விட்டார்; கீழே வயலில் காத்திருந்தவர்கள் அவரை ஏசியது எங்கள் காதில் விழுந்தது.

இது கிடைத்த உடனே அடுத்த தவறு நுழைந்தது. "அவர் எண்ணாதிருந்தால் இன்று நான் இல்லை, அவர் எனக்கும் தந்தை, நேற்று அந்த மடையைக் கடந்தபோது கண் கலங்கிவிட்டது" என்று எழுதினேன். அவரைப் பற்றி ஒரு வரி, என்னைப் பற்றி மூன்று. எனக்கும் தந்தை என்பது அன்பில் வருவதுதான். ஆயினும் அந்த நாளில், அந்த ஒருவனுக்கு மட்டுமே உரிய இடத்தில் நாமும் போய் உட்கார்வதாக அது ஆகிவிடும். நம் அப்பாவை இழந்த கதையை அங்கே சொல்வதும் இதே வகை. எழுதுகிறவர் அந்த வரிகளில் ஒரு சாட்சியாக மட்டும் இருந்தால் போதும். சாட்சி அழவேண்டியதில்லை.

இன்னொன்றையும் நான் எழுத நினைத்து விட்டுவிட்டேன். தண்ணீர் முறை தொடர்பாக அவருக்கு நேர்ந்த ஒரு சம்பவம் என் அப்பா மூலம் எனக்குத் தெரியும். தன் வீட்டில் அவர் அதை வேறு விதமாகச் சொல்லியிருந்தார். அவரை உயர்வாகக் காட்டும் சம்பவம்தான் அது, ஆனாலும் இங்கும் அதை எழுதப்போவதில்லை. இறந்தவர் தன் வீட்டாரிடமிருந்து மறைத்ததை வெளியிடும் உரிமை நினைவுநாள் நமக்குத் தருவதில்லை. அவர் ரகசியமாகக் கட்டிய ஒருவரின் கல்விக் கட்டணம், கொடுத்துத் திரும்பி வராத கடன், கடைசி மாதத்து மருத்துவமனைக் காட்சிகள் ஆகியவையும் அப்படியே. நோயை நாம் நினைவூட்டவேண்டிய தேவையே இல்லை. பிள்ளைகளுக்கு அது மறப்பதில்லை, நோய்க்கு முந்திய முகம்தான் மங்குகிறது.

தேற்றும் முயற்சியையும் விட்டுவிடலாம். "காலம் ஆற்றும்", "கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தார், கொடுத்துவைத்தவர்" என்பவை, இவ்வளவு வருத்தம் போதும் என்று மெல்லச் சொல்பவை. அவன் அன்று ஆறுதல் கேட்கவில்லை.

அழைக்கும் முறை சிறிய செய்தியாகத் தோன்றும், ஆனால் ஒரு வரி அங்கேயே விறைத்துப்போகும். வாழ்நாள் முழுவதும் "ஏல" என்று கூப்பிடுகிறவனுக்கு "தங்கள் தந்தையார் அன்னாரது" என்று எழுதினால், அது தாசில்தார் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம்போல் இருக்கும். மாமா என்று கூப்பிட்டிருந்தால் மாமா, ஐயா என்றிருந்தால் ஐயா, அண்ணாச்சி என்றிருந்தால் அண்ணாச்சி. இறந்தவருக்கு மரியாதைப் பன்மை வேண்டும். நண்பனுக்கு எப்போதும் உள்ள ஒருமையே சரி. முடிவில் "வேலை எப்படி, போன் செய்" என்று வேறு பேச்சை ஒட்டக்கூடாது. வீட்டில் அவர் துணைவியார் இருந்தால், அவரை விசாரித்து ஒரு வரி சேர்ப்பது இதற்கு விலக்கு.

இவ்வளவும் கழித்தபின் நான் அனுப்பியது இதுதான்:

"மாமாவுக்கு இன்று ஐந்து வருஷம். நாம் குளிக்கும்போது ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் சைக்கிள் மணியை மூன்று முறை அடித்து, கரையில் நிற்பவர்களை எண்ணுவார். ஒன்பது பேர் வந்தால்தான் சக்கரத்தில் கைவைப்பார். அத்தையைக் கேட்டதாகச் சொல்."

பதில் எதிர்பார்த்து எழுதவில்லை. அன்று மாலை வந்தது.

"அம்மாட்ட வாசிச்சுக் காட்டுனேன். ஒம்பது இல்லியாம்ல, பத்தாம். கடைசி வீட்டுச் சின்னவன நீ விட்டுட்ட. அப்பா தினமும் சாயந்தரம் வந்து எத்தன பேருன்னு அம்மாட்டச் சொல்லுவாகளாம்."