184 என்று காட்டினால் நம்பாதீர்கள்

போன மாதம் பினாங்கு பிறையில் ஒரு கல்யாண விருந்துக்குப் பாட்டுப் போட்டபோது, ஓடிக்கொண்டிருந்த பாட்டு 96 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 96 தட்டு, சுருதி ஏ மைனர். அடுத்து வர வேண்டியது 184 என்று Mixxx என்கிற டிஜே மென்பொருள் காட்டியது. கை தட்டி எண்ணிப் பார்த்தேன், 15 வினாடியில் 23 தட்டுதான், அதாவது 92. தவிலும் பறையும் நெருக்கமாக அடிக்கிற பாட்டில் மென்பொருள் இப்படி இரட்டிப்பாக எண்ணிவிடும், பாதியாக்கினால் சரி.

இரண்டு பாட்டின் தட்டும் ஒன்றாக விழ, 92ஐ 96 ஆக்க வேகத்தை 4.3 சதவீதம் கூட்ட வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குவது: சுருதியை மாறாமல் பிடித்து வைக்கிற Keylock போடாமல் கூட்டினால் சுருதியும் அரைச்சுரத்தில் முக்கால் பங்கு ஏறிவிடும், புதுப் பாட்டு ஈ மைனர் என்று கண்டுபிடித்து வைத்ததெல்லாம் வீண். போட்டுவிட்டால் ஈ மைனராகவே நிற்கும். ஏ மைனருக்கும் அதற்கும் ஒரே ஒரு சுரம்தான் வித்தியாசம், எஃப் இருந்த இடத்தில் எஃப் ஷார்ப், அதனால் உறுத்தாது. திரையில் காட்டுகிற சுருதியும் சில நேரம் தப்பும், ஹெட்போனில் முனகிப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் 96 வேகத்தில் 16 தட்டு, சரியாக 10 வினாடி, அதற்குள் மாற்றிவிடலாம். பழைய பாட்டின் பேஸைக் குறைத்த பிறகே புதியதின் பேஸைத் திறக்கவும், இரண்டும் சேர்ந்தால் ஒரே இரைச்சல். பாடகர் குரல் இல்லாத இடமாகப் பார்த்துச் செய்யுங்கள்.